அப்பாவின் மூக்கை எவ்வளவு இழுக்கலாம்?

அறுபதாம் கல்யாணம், பணி ஓய்வு என்று வீட்டில் ஒரு விசேஷம் வந்தால், பெற்றோரைக் கார்ட்டூனாக வரைந்து வாங்கும் பழக்கம் பரவியிருக்கிறது. மண்டப வாசலில் வைக்கிறார்கள், தாம்பூலப் பையில் அச்சடிக்கிறார்கள், சட்டம் போட்டுப் பரிசாகக் கொடுக்கிறார்கள். வரைபவரைப் பெரும்பாலும் யாரும் நேரில் பார்ப்பதில்லை. வாட்ஸ்அப்பில் நான்கு புகைப்படங்களும் ஒரு குறிப்பும் போகும். குறிப்பு அநேகமாக இப்படி இருக்கும்: “அப்பாவுக்கு 60 வயது. மாநிறம். மீசை உண்டு. முன்பக்கம் வழுக்கை. பார்க்க சாந்தமாக இருப்பார். நல்லா வரைஞ்சு குடுங்க சார்.”

இதில் ஒரு வரிகூடப் பொய்யில்லை. ஆனால் இதை வைத்துக்கொண்டு எந்த ஊர்ப் பேருந்து நிலையத்தில் போய் நின்றாலும் பத்துப் பதினைந்து அப்பாக்களைக் காட்டிவிடலாம். வரைபவருக்கு வேண்டியது, அந்தப் பத்துப் பதினைந்து பேரிலிருந்து இந்த ஒருவரைப் பிரித்தெடுக்கும் செய்தி. அதைச் சொல்லக்கூடியவர்கள் அவரோடு வாழ்ந்தவர்கள்தான். கீழே உள்ள கடிதத்தை எழுதியவர் ஓர் அரசுப் பேருந்து ஓட்டுநரின் மகள். பெயரும் ஊரும் மட்டும் எடுக்கப்பட்டிருக்கின்றன.

“ஓவியர் சாருக்கு வணக்கம்.

அப்பா இந்த மாதம் ஓய்வு பெறுகிறார். அடுத்த மாதம் திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம். படம் இரண்டு இடத்துக்கு வேண்டும். மண்டபத்தில் வைக்க 18க்கு 12 அங்குலத்தில் ஒன்று. தாம்பூலப் பையில் போட மூன்று அங்குலத்தில் ஒன்று. காக்கிச் சட்டையில், ஸ்டியரிங் பிடித்தபடி, இடுப்புவரை இருந்தால் போதும்.

அப்பாவுக்கு ஒரு தம்பி இருக்கிறார். தெரியாதவர்கள் இருவரையும் மாற்றிக் கூப்பிடுவார்கள். அதே நெற்றி, அதே வழுக்கை, அதே மீசை. அதனால் சித்தப்பாவின் படத்தையும் அனுப்பியிருக்கிறேன். நீங்கள் வரைவது சித்தப்பா ஆகிவிடக் கூடாது. வித்தியாசம் எங்கே என்று நானும் அம்மாவும் உட்கார்ந்து பார்த்தோம். அப்பாவுக்கு மூக்குக்கும் மேலுதட்டுக்கும் நடுவே இடம் அதிகம். மீசை தாராளமாக உட்கார்ந்திருக்கும், அதற்குக் கீழே உதடு தனியாகத் தெரியும். சித்தப்பாவுக்கு மீசை மூக்கில் தொடங்கி உதட்டில் முடிந்துவிடும். அப்பாவின் புருவம் வளையாது. நேர்கோடாக, கண்ணுக்கு மிகப் பக்கத்தில் இருக்கும். சித்தப்பாவுடையது வில்லாக மேலே நிற்கும். அப்பாவின் வலது புருவத்தின் வெளிமுனையில் பழைய வெட்டுத் தழும்பு ஒன்று உண்டு, அங்கே முடி முளைக்காது. வலது என்று நான் எழுதுவதெல்லாம் அப்பாவின் வலது. உங்களுக்கு எதிரே அது இடப்பக்கம் வரும்.

மீசைக்கு மட்டும் டை அடிப்பார், தலைமுடியை நரைத்தபடியே விட்டிருக்கிறார். திருநீறு பட்டையாக இருக்காது, ஒற்றை விரலால் ஒரே இழுப்பு. கண்ணாடி போட்டு வரைய வேண்டாம். டிரிப் ஷீட் படிக்க மட்டும் எடுப்பார், மற்ற நேரமெல்லாம் சட்டைப் பையில் ஒரு கால் வெளியே தொங்கிக்கொண்டிருக்கும்.

அப்பாவின் வலது கை இடது கையைவிடக் கறுப்பு. ஜன்னல் பக்கம் வெயில் பட்டுப் பட்டு அப்படி ஆகிவிட்டது. வலது கன்னத்திலும் கண்ணோரத்திலும் சுருக்கம் அதிகம். தயவுசெய்து இதைச் சமப்படுத்திவிடாதீர்கள்.

எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு பழக்கம் அவருக்கு உண்டு. யார் எது கேட்டாலும் பதில் சொல்லுமுன் தலையை அசைக்காமல் கண்ணை மட்டும் இடப்பக்கம் மேலே ஓட்டுவார். பஸ்ஸுக்குள் இருக்கும் கண்ணாடியைப் பார்த்துப் பார்த்து வந்த பழக்கம். இட்லி வைக்கட்டுமா என்று அம்மா கேட்டாலும் முதலில் கண் அங்கே போய்விட்டுத்தான் வரும். முடிந்தால் அந்தப் பார்வையைக் கொண்டுவாருங்கள்.

ஒரே ஒரு கட்டுப்பாடு. பல் தெரியச் சிரிப்பதுபோல் வரைய வேண்டாம். சின்ன வயதில் பல்லைச் சொல்லிக் கேலி செய்திருக்கிறார்கள். அதனால் வாயை மூடியே சிரிப்பார், இடது ஓரம் முதலில் மேலே போகும். காதை எவ்வளவு பெரிதாக்கினாலும் சிரித்துக்கொள்வார், அவரே அதைச் சொல்லி விளையாடுவார். நிறத்தைக் குறைக்க வேண்டாம். அம்மா கேட்டாலும் குறைக்க வேண்டாம்.

என் பெயரையும் தம்பி பெயரையும் சட்டை மடிப்பில் எங்காவது ஒளித்துவைக்க முடியுமா?”

கடிதம் இவ்வளவுதான். முகத்தில் உள்ள எல்லாவற்றையும் இந்த மகள் எழுதவில்லை. தாடை எப்படி, நெற்றி எவ்வளவு அகலம் என்றெல்லாம் சொல்லவில்லை. அவை புகைப்படத்தில் இருக்கின்றன, வரைபவரே பார்த்துக்கொள்வார். புகைப்படத்தைப் பார்க்கும் அந்நியர் கண்ணில் தப்பிவிடக்கூடியவற்றை மட்டும் அவர் எழுதியிருக்கிறார்.

எவை தப்பும்? தெரியாத முகத்தைப் பார்க்கும்போது நம் மனதில் முதலில் பதிவது தலைமுடியும் முகத்தின் வெளிக்கோடும். நன்றாகத் தெரிந்த முகத்தை அடையாளம் காணக் கண், மூக்கு, வாய் அடங்கிய நடுப்பகுதியே அதிகம் உதவுகிறது. இவற்றில் தெரிந்த முகத்தைப் பற்றிய உண்மையை ஸ்காட்லாந்தின் அபர்டீன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1979இல் சோதித்துக் காட்டினார்கள். வரைபவர் அந்நியர், அதனால் அவருக்கு வழுக்கையும் மீசையும் முதலில் தெரிகின்றன. படத்தைப் பார்க்கப்போகிறவர்கள் வீட்டார், அவர்களுடைய கண் நேரே முகத்தின் நடுவுக்குப் போகிறது. வழுக்கையையும் மீசையையும் அச்சு அசலாக வரைந்து அனுப்பினாலும் வீட்டில் “எங்கப்பா மாதிரியே இல்லையே” என்பது இதனால்தான். இரு தரப்பும் ஒரே முகத்தின் வேறு வேறு பகுதிகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

கடிதத்தில் எனக்கு மிகப் பிடித்தது சித்தப்பாவின் படத்தைச் சேர்த்து அனுப்பியது. கார்ட்டூன் படம் வேலை செய்யும் விதத்தையே அது தொட்டுவிடுகிறது. சூசன் பிரென்னன் என்பவர் 1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் கேலிச்சித்திரம் வரையும் ஒரு கணினி நிரலை உருவாக்கினார். அதன் அடிப்படை எளிமையானது. பல முகங்களின் சராசரி முகம் ஒன்றை முதலில் வைத்துக்கொள்ள வேண்டும். வரைய வேண்டிய முகம் அந்தச் சராசரியிலிருந்து எங்கெங்கே விலகுகிறது என்று பார்க்க வேண்டும். பிறகு விலகலை மட்டும் பெருக்க வேண்டும். பெரிதாக இருப்பது இன்னும் பெரிதாகும், சிறிதாக இருப்பது இன்னும் சிறிதாகும், சராசரியாக இருப்பது அப்படியே நிற்கும். கையால் வரைபவர்கள் இதைத்தான் கண்ணளவில் செய்கிறார்கள்.

மூக்கை இழு, காதைப் பெரிதாக்கு என்று பொதுவிதி எதுவும் கிடையாது என்பது இதிலிருந்தே தெரியும். சராசரி மூக்கு உள்ளவரின் மூக்கை இழுத்தால் அவர் வேறு ஆளாகிவிடுவார். இந்த அப்பாவையே எடுத்துக்கொள்வோம். புருவக் கோட்டிலிருந்து தாடை நுனிவரை 120 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். மூக்கின் அடிப்பகுதி ஏறக்குறைய இதன் நடுவில் வரும் என்பது ஓவியப் பள்ளிகளில் சொல்லிக்கொடுக்கும் கணக்கு. அதன்படி மேலே 60, கீழே 60. அப்பாவுக்கு மூக்கடி சற்று மேலேயே முடிகிறது, மேலே 54, கீழே 66 என்று கொள்வோம். விலகல் 6 மில்லிமீட்டர். அதைப் பாதியளவு கூட்டினால் 51, 69 ஆகும். இரட்டிப்பாக்கினால் 48, 72. மூக்கு சுருங்கச் சுருங்க, மீசைக்கும் உதட்டுக்கும் தாடைக்கும் இடம் விரிகிறது. அப்பா மேலும் மேலும் அப்பாவாகிறார். தலைப்பில் கேட்ட கேள்விக்கு இவரைப் பொறுத்தவரை பதில், மூக்கை இழுக்கவே கூடாது, குறைக்க வேண்டும்.

எவ்வளவு பெருக்கலாம் என்பதற்கும் ஒரு சோதனை உண்டு. ஜில்லியன் ரோட்ஸ், பிரென்னன், சூசன் கேரி மூவரும் 1987இல் வெளியிட்ட ஆய்வில், பழகிய மனிதர்களின் கோட்டோவியங்களைக் காட்டியபோது, உள்ளபடி வரைந்ததைவிட மிகைப்படுத்தி வரைந்ததைப் பார்வையாளர்கள் வேகமாக அடையாளம் கண்டார்கள். ஆனால் “எது அவரைப் போலவே இருக்கிறது” என்று கேட்டபோது தேர்வான மிகை சிறியது, சுமார் 16 விழுக்காடு. நம் கணக்கில் அது ஒரு மில்லிமீட்டர்தான். சட்டென்று அடையாளம் தெரிய வேண்டுமானால் மிகை கூடலாம், அவரைப் போலவே இருக்க வேண்டுமானால் குறைவே போதும் என்று இதைப் புரிந்துகொள்ளலாம். மண்டபத்தில் நின்று பார்க்கும் பெரிய படத்துக்கு மிகையை அடக்கி வைப்பதும், கைக்குள் அடங்கும் பையில் கொஞ்சம் தாராளமாக விடுவதும் இந்த வகையில் பொருத்தமாக இருக்கும்.

சராசரி என்று கணினி வைத்துக்கொண்டது யார் யாரோ பலரின் முகங்களை. ஒரு வீட்டாரின் மனதில் இருக்கும் சராசரி வேறு. ஒரே குடும்பத்தில் எல்லோருக்கும் அகன்ற நெற்றி என்றால், அந்த நெற்றியைப் பெரிதாக்குவதால் அண்ணனும் தம்பியும் பிரிய மாட்டார்கள். அதனால்தான் உடன்பிறந்தவரோடு ஒப்பிட்டுச் சொல்வதைவிடச் சுருக்கமான வழி இல்லை என்கிறேன். அண்ணன் தம்பி இல்லாதவருக்கு மைத்துனரோ, சாயல் உண்டென்று எல்லோரும் சொல்லும் ஒரு நடிகரோ போதும். “அவரைப்போல இருப்பார், ஆனால்...” என்று தொடங்கும் வாக்கியத்தில் “ஆனால்” என்பதற்குப் பிறகு வருவதே வரைபவருக்குக் கிடைக்கும் செய்தி.

புருவத்துக்கு இத்தனை வரி எழுதியதும் வீணில்லை. ஜாவித் சத்ர், இஸ்ஸத் ஜரூதி, பவன் சின்ஹா மூவரும் 2003இல் பிரபலங்களின் புகைப்படங்களில் ஒரு தொகுப்பில் கண்களையும் இன்னொன்றில் புருவங்களையும் கணினியில் அழித்துவிட்டுக் காட்டினார்கள். கண்ணில்லாத முகங்களைவிடப் புருவமில்லாத முகங்களை அடையாளம் காண்பதே மக்களுக்குக் கடினமாக இருந்தது. கண்ணை ஆயிரம் தடவை வர்ணிக்கும் நாம் புருவத்தைக் கவனிப்பதே இல்லை. கோட்டோவியத்தில் புருவம் இரண்டே கோடு. அது கண்ணிலிருந்து எவ்வளவு தூரத்தில் நிற்கிறது, வளைகிறதா இல்லையா என்பதில் ஆளே மாறிவிடுவார்.

அடுத்தது வலம் இடம். செல்பேசியின் முன்பக்கக் கேமராவில் எடுத்த படம் சில கருவிகளில் கண்ணாடியில் பார்ப்பதுபோல் புரண்டே சேமிக்கப்படுகிறது. வரைபவருக்கு அது புரண்ட படம் என்று தெரியாது. தழும்பு எதிர்ப்புருவத்துக்குப் போய்விடும், வகிடு மாறும், வெயில்பட்ட கன்னம் மாறும். படம் புரண்டிருக்கிறதா என்று பார்க்கச் சட்டையே போதும். ஆண்கள் சட்டையில் பை இடது மார்பில் இருக்கும், பொத்தான் போடும்போது இடது ஓரம் வலது ஓரத்தின் மேல் வரும். பை வலப்பக்கம் தெரிந்தால் அநேகமாகப் படம் புரண்டிருக்கிறது. பின்னணியில் ஏதாவது எழுத்து இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

இதில் இன்னொரு விஷயமும் ஒளிந்திருக்கிறது. அப்பா வாழ்நாளெல்லாம் தன் முகத்தைக் கண்ணாடியில்தான் பார்த்திருக்கிறார். 1977இல் அமெரிக்காவில் செய்த ஒரு சோதனையில், தங்கள் படத்தில் புரண்ட பிரதியைத் தாங்களும், நேர்ப் பிரதியை நண்பர்களும் விரும்புவது தெரிந்தது. எந்தப் பக்கம் பழகியதோ அந்தப் பக்கம் பிடிக்கிறது. நேராக வரைந்த படத்தைப் பார்த்து எல்லோரும் “அப்படியே இருக்கு” என்னும்போது, அப்பா மட்டும் “என்னமோ மாதிரி இருக்கே” என்று சொல்லக்கூடும். அதற்காகப் படத்தைத் திருத்தத் தேவையில்லை.

செல்ஃபியில் தூரத்தின் கோளாறும் உண்டு. கையை மடக்கி ஓரடித் தூரத்தில் எடுத்தால், கேமராவுக்கு மிக அருகில் இருக்கும் மூக்கு பெருத்து, தள்ளி இருக்கும் காது சிறுத்துவிடும். ஐந்தடித் தூரத்தில் எடுத்த படத்தோடு ஒப்பிட்டால் மூக்கின் அகலம் முகத்தின் அளவில் ஏறத்தாழ 30 விழுக்காடு கூடித் தெரியும் என்று 2018இல் வெளிவந்த ஓர் ஆய்வு கணக்கிட்டது. கார்ட்டூன் வரைபவர் இந்தப் படத்தை நம்பினால், கேமரா செய்த மிகையை அப்பாவின் முகம் என்று எடுத்துக்கொண்டு அதன்மேல் தன் மிகையையும் ஏற்றுவார். ஐந்தாறு அடி தள்ளி நின்று, கண் மட்டத்தில் கேமராவை வைத்து, வேண்டுமானால் சற்று ஜூம் செய்து, ஜன்னல் வெளிச்சத்தில் எடுத்த ஒரு படம் பத்து செல்ஃபிகளைவிட உதவும். நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, முக்கால்வாசி திரும்பியபடி ஒன்று போதும். பக்கவாட்டுப் படத்தை யாரும் அனுப்புவதில்லை. மூக்கும் உதடும் தாடையும் எவ்வளவு முன்னால் வருகின்றன என்பது அதில்தான் தெரியும்.

இந்தக் கடிதத்தின் கதையில் அதுதான் நடந்தது. கடிதம் போன பிறகு, “இதுல சிரிப்பு நல்லா வந்திருக்கு” என்று தம்பி ஒரு செல்ஃபியைத் தனியாக அனுப்பிவிட்டான். வரைபவர் முதல் பென்சில் ரஃப்பை அதைப் பார்த்தே போட்டார். மூக்கு பெருத்து இறங்கி, மேலுதட்டுக்கு மேலே இருந்த இடத்தை விழுங்கிவிட்டது, மீசை குட்டையானது. மகள் பார்த்ததும் எழுதிய பதில், “சார், இது சித்தப்பா.” வழக்கமாக இந்த இடத்தில் “என்னவோ சரியில்லை, கொஞ்சம் மாத்துங்க” என்று எழுதுவார்கள், வரைபவர் கண்ணை மாற்றிப் பார்ப்பார், வாயை மாற்றிப் பார்ப்பார், நாட்கள் ஓடும். இவர் சித்தப்பா என்று சொன்னதால் எங்கே பார்க்க வேண்டும் என்பது வரைபவருக்கு உடனே தெரிந்துவிட்டது. மூக்கை மேலே ஏற்றினார், புருவத்தை இறக்கினார். வேறு எதையும் தொடவில்லை.

இப்படித் திருத்தம் சொல்லவேண்டிய கட்டம் ரஃப்தான். பென்சிலில் மூக்கை ஏற்றுவது சில நிமிட வேலை. கோடு போட்டு வண்ணமும் நிழலும் ஏறிய பிறகு மூக்கை ஏற்றினால் அதைச் சுற்றியுள்ள நிழல், மீசை, கன்னம் எல்லாவற்றையும் திரும்பச் செய்ய வேண்டும். வண்ணக் கட்டத்தில் கேட்கத்தக்கது சட்டை நிறம், பின்னணி போன்றவை மட்டும்.

ரஃப்பை மகள் மட்டும் பார்த்து முடிவுசெய்யாமல் இருப்பதும் நல்லது. அதற்கு ஒரு காரணம் உண்டு. ஜொனாதன் ஸ்கூலரும் டானியா எங்ஸ்ட்லர் ஸ்கூலரும் 1990இல் வெளியிட்ட சோதனையில், ஒரு வங்கிக் கொள்ளையின் காணொளியைக் காட்டிவிட்டுச் சிலரைக் கொள்ளையன் முகத்தை எழுத்தில் வர்ணிக்கச் சொன்னார்கள். வர்ணித்தவர்கள், வர்ணிக்காதவர்களைவிட மோசமாகவே அந்த முகத்தை அடையாளம் கண்டார்கள். முகத்தை நாம் மொத்தமாகப் பார்த்து நினைவில் வைக்கிறோம், சொல்லாக எழுதும்போது துண்டு துண்டாக்குகிறோம். அவர்கள் சோதித்தது ஒருமுறை பார்த்த முகத்தை, நாற்பது வருடம் பார்த்த அப்பாவை அல்ல. இருந்தாலும், பக்கம் பக்கமாக எழுதியவர் ரஃப் வந்ததும் “தழும்பு இருக்கா, இருக்கு. புருவம் நேரா இருக்கா, இருக்கு” என்று தன் கடிதத்தோடு ஒப்பிடத் தொடங்கிவிடுவார். எல்லாம் இருந்தும் ஆள் இல்லாமல் போகலாம். கடிதத்தைப் படிக்காத ஒருவரிடம், யார் என்று சொல்லாமல் ரஃப்பை நீட்ட வேண்டும். அப்பாவோடு டிப்போவில் வேலை செய்த நடத்துநர் அதற்குச் சரியான ஆள். அவர் ஒரு நொடியில் பெயரைச் சொன்னால் முடிந்தது. “யார் இது?” என்று கேட்டால், தழும்பும் திருநீறும் சரியாக இருந்து பயனில்லை.

வெயில் பட்ட கைக்கு வருவோம். கடிதத்தில் இருப்பதிலேயே அரிதான தகவல் அது. 2012இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் என்ற மருத்துவ இதழில் 69 வயது லாரி ஓட்டுநர் ஒருவரின் படம் வெளியானது. 28 ஆண்டுகள் வண்டி ஓட்டியவர். முகத்தின் இடப்பாதியில் மட்டும் தோல் தடித்து ஆழமாகச் சுருங்கியிருந்தது. ஜன்னல் கண்ணாடி வழியாகவும் ஊடுருவும் புற ஊதா ஏ கதிர்கள் அவருக்கு அந்தப் பக்கமே பட்டிருக்கின்றன. அமெரிக்காவில் ஓட்டுநர் இருக்கை இடப்பக்கம். நம் ஊரில் வலப்பக்கம், ஜன்னலும் திறந்தே கிடக்கும். வரைபவர்களுக்கு முகத்தின் இரு பாதிகளையும் ஒரேபோல் ஆக்கிவிடும் பழக்கம் உண்டு. கணினியில் வரைபவர்கள் சிலர் ஒரு பாதியை வரைந்து மறுபக்கம் புரட்டி ஒட்டுவதும் உண்டு. “சமப்படுத்திவிடாதீர்கள்” என்ற ஒற்றைச் சொல் அதைத் தடுக்கிறது.

அதே நேரம், சுருக்கத்தை வரைவதில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. புகைப்படத்தில் சுருக்கம் ஒரு மெல்லிய நிழல். கோட்டோவியத்தில் அது கண்ணிமைக்கும் மூக்குக்கும் போட்ட அதே கறுப்புக் கோடு. உள்ள சுருக்கத்தையெல்லாம் வரைந்தால் அறுபது வயது அப்பா எழுபத்தைந்து ஆகிவிடுவார். கார்ட்டூன் படத்தில் “வயசான மாதிரி இருக்கு” என்ற புகார் அடிக்கடி எழுவது இதனால்தான். வலது கண்ணோரத்தில் இரண்டு கோடு, வலது கன்னத்தில் ஒன்று, மற்றதை நிறத்தின் அழுத்தத்தில் காட்டினால் போதும். எந்தச் சுருக்கம் அப்பாவுடையது, எது வயதானவர் எல்லோருக்கும் உள்ளது என்று வீட்டார் சொன்னால் வரைபவருக்குத் தேர்வு எளிதாகும்.

கண்ணாடியைத் தேடி மேலே ஓடும் அந்தப் பார்வை இந்தப் படத்தின் உயிர். முகத்தின் அமைப்பைத் தாண்டி ஆளைக் காட்டிக்கொடுப்பது இப்படியொரு பழக்கம். ஆனந்த விகடனில் மாலி சங்கீத வித்வான்களை வரைந்தபோது, பாடும்போது வாய் கோணும் விதத்தையும் கை எழும் விதத்தையும் பிடித்தார். கச்சேரிக்குப் போனவர்களுக்கு அதுவே வித்வான். புகைப்படத்துக்கு நிற்கும்போது எல்லா அப்பாக்களும் ஒரேபோல் விறைத்து நேரே பார்ப்பார்கள், அதனால் பழக்கத்தைப் புகைப்படத்திலிருந்து எடுக்க முடியாது. மகள் எழுதினால்தான் உண்டு. அவருக்குத் தெரியாமல் எடுத்த பத்து நொடிக் காணொளி ஒன்றும் இருந்தால் இன்னும் நல்லது.

பல்லைப் பற்றிய வேண்டுகோளைப் பலர் வெறும் கூச்சம் என்று நினைக்கலாம். வரைபவரின் கண்ணில் அது சாயலைப் பற்றிய செய்தி. கார்ட்டூன் என்றதும் கை தானாக முப்பத்திரண்டு பல்லும் தெரியும் சிரிப்பைப் போட்டுவிடும். வாழ்நாளெல்லாம் வாயை மூடிச் சிரித்த ஒருவருக்கு அந்தச் சிரிப்பைப் போட்டால், மற்றதெல்லாம் சரியாக இருந்தாலும் வீட்டார் அவரைக் கண்டுகொள்ள மாட்டார்கள். காதைப் பெரிதாக்கலாம், பல்லைத் தொடக் கூடாது என்று இந்த மகள் கோடு போட்ட இடமும் சரியானது. தானே சொல்லி விளையாடும் அங்கத்தை மற்றவர் பெரிதாக்கலாம். பிறர் சொல்லிக் காயம்பட்ட அங்கத்தைச் சபை நடுவே பெரிதாக்கினால் அது பரிசாகாது. இந்த வித்தியாசம் எந்தப் புகைப்படத்திலும் தெரியாது.

சட்டை மடிப்பில் பெயரை ஒளிக்கும் ஆசைக்கு ஒரு பெரிய முன்னோடி உண்டு. நியூயார்க்கின் நாடக உலகத்தை வரைந்த ஆல் ஹிர்ஷ்ஃபெல்ட், 1945இல் மகள் நீனா பிறந்ததிலிருந்து தன் படங்களில் முடிச்சுருளிலும் சட்டைக் கசங்கலிலும் அவள் பெயரை ஒளித்துவந்தார். பிற்காலத்தில் எத்தனை இடத்தில் ஒளிந்திருக்கிறது என்பதைக் கையெழுத்துக்குப் பக்கத்தில் ஓர் எண்ணாகவே போட்டார். அங்கே அப்பா மகளை ஒளித்தார், இங்கே மகள் தன்னை அப்பாவின் சட்டைக்குள் ஒளிக்கச் சொல்கிறார். பெரிய படத்தில் இது நன்றாக வரும். மூன்று அங்குலப் பையில் அந்த எழுத்துகள் அழுக்குப் புள்ளிபோல் தெரியும் என்பதால் பைக்கான பிரதியில் எடுத்துவிடுவதே நல்லது. தழும்பும் அந்த அளவில் காணாமல் போகும். பைக்குத் தனியாக, கோடு தடித்து, விவரம் குறைத்து வரைந்து தரச் சொல்லிக் கேட்க வேண்டும். பெரியதைச் சுருக்கினால் போதாது. பெரிய பிரதிக்கு, அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற அச்சுக் கணக்கில், 5400க்கு 3600 புள்ளி உள்ள கோப்பு வேண்டும். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் சுருங்கிவிடும், டாக்குமென்ட் ஆகவோ மின்னஞ்சலிலோ வாங்கிக்கொள்ள வேண்டும்.

காசு கொடுத்து வரையச் சொன்ன உருவப்படத்தின் பதிப்புரிமை, வேறு ஒப்பந்தம் எதுவும் இல்லாவிட்டால், வரையச் சொன்னவருக்கே முதலில் சேரும் என்று இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957இன் 17ஆவது பிரிவு சொல்கிறது. பலர் நினைப்பதற்கு மாறாக, பையில் அச்சடிக்க மகளுக்குத் தனி அனுமதி வேண்டியதில்லை. ஓவியர் வேறு நிபந்தனை சொல்லியிருந்தால் மட்டும் அது மாறும், அதனால் முன்பணம் கொடுக்கும்போதே கேட்டுவிடலாம். ஆனால் 57ஆவது பிரிவின்படி, இது தன் படம் என்று சொல்லும் உரிமையும், தன் பெயருக்குக் கேடு வரும்படி அதைச் சிதைத்தால் தடுக்கும் உரிமையும் வரைந்தவரிடமே இருக்கின்றன.

கடைசியாக நிறம். கணினித் திரையில் ஒளியாகத் தெரியும் நிறம் காகிதத்தில் மையாக இறங்கும்போது பொதுவாகச் சற்று அடங்கிவிடும், மாநிறத்தின் நுட்பமான ஏற்றத்தாழ்வு மறைந்து முகம் ஒரே அடர்த்தியாகிவிடலாம். வலது கையும் இடது கையும் ஒன்றுபோல் வந்துவிடும். பை முழுவதையும் அடிக்கக் கொடுக்குமுன் அதே துணியில் ஒரே ஒரு மாதிரி அடித்துப் பார்த்து, தேவையானால் கோப்பில் வெளிச்சப் பகுதிகளை மட்டும் வரைந்தவரிடமே உயர்த்தித் தரச் சொல்ல வேண்டும். அச்சகத்தில், “முகத்தைக் கொஞ்சம் பிரைட் பண்ணிடட்டுமா மேடம்?” என்று கேட்பார்கள். அம்மாவும் பக்கத்தில் நின்று தலையாட்டக்கூடும். நிறத்தைக் குறைக்க வேண்டாம் என்ற வரியை ஓவியருக்கு எழுதியதுபோலவே அச்சகத்துக்கும் எழுதிக் கொடுத்துவிடுவது நல்லது.